ஒரே பின்னம், மூன்று விடைகள்

டிஜிட்டல் சிக்னலின் மதிப்புகளை வரிசை எண் n-ஐக் கொண்டு x[n] என்று எழுதுவார்கள். ஒவ்வொரு மதிப்பையும் z⁻ⁿ-ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது z-உருமாற்றம், X(z). முடிவில்லாத இந்தக் கூட்டல் எந்தெந்த z-க்கு ஒரு திட்டமான எண்ணில் போய் நிற்கிறதோ, அவை சேர்ந்ததுதான் ஒருங்கும் பகுதி. X(z)-இலிருந்து x[n]-ஐ மீட்கும்போது இந்தப் பகுதி தெரியாவிட்டால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

X(z) = 1 / [(1 − 0.5z⁻¹)(1 − 2z⁻¹)] என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் காரணியை மறைத்துவிட்டு மீதியில் z⁻¹ = 2 என்று இட்டால் −1/3 கிடைக்கும். இரண்டாவதை மறைத்து z⁻¹ = 1/2 என்று இட்டால் 4/3. ஆகவே,

X(z) = −(1/3)/(1 − 0.5z⁻¹) + (4/3)/(1 − 2z⁻¹)

இதுவரை வெறும் இயற்கணிதம்தான். ஒருங்கும் பகுதிக்கு இங்கே வேலை இல்லை. அடுத்த படியில்தான் பாதை பிரிகிறது. 1/(1 − az⁻¹) என்ற பின்னத்தைப் பெருக்குத் தொடராக இரண்டு விதமாக விரிக்கலாம். |z| > |a| என்றால் z⁻¹-இன் அடுக்குகளில் விரியும். விடை aⁿ, n ≥ 0. |z| < |a| என்றால் z-இன் அடுக்குகளில்தான் விரிக்க முடியும். விடை −aⁿ, n ≤ −1. தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணாமல் போவது இந்தக் கழித்தல் குறிதான்.

நம் பின்னத்தின் துருவங்கள் 0.5, 2. |z| > 2 என்றால் இரண்டு துருவங்களுமே பகுதிக்கு உள்பக்கம் இருக்கின்றன. இரண்டு உறுப்புகளும் வலப்பக்கம் ஓடும்: n ≥ 0-க்கு x[n] = (4/3)2ⁿ − (1/3)(0.5)ⁿ. மதிப்புகள் 1, 2.5, 5.25 என்று கட்டுக்கடங்காமல் வளரும். |z| < 0.5 என்றால் இரண்டும் இடப்பக்கம் திரும்பும். அப்போது x[−1] = 0, x[−2] = 1, x[−3] = 2.5, அதே எண்கள் பின்னோக்கி நடக்கின்றன.

0.5 < |z| < 2 என்ற வளையத்தில் மட்டும் ஆளுக்கொரு திசை. n ≥ 0-க்கு x[n] = −(1/3)(0.5)ⁿ, n ≤ −1-க்கு −(4/3)2ⁿ. n = −1-இல் −2/3; அங்கிருந்து இரு பக்கமும் −1/3, −1/6 என்று பாதி பாதியாகத் தேய்கிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. z = 1 இந்த வளையத்துக்குள் இருப்பதால், எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகையும் X(1)-க்குச் சமமாக வேண்டும். X(1) = 1/(0.5 × −1) = −2. மறுபக்கம் −2/3 − 2(1/3 + 1/6 + …) = −2/3 − 4/3 = −2. கழித்தல் குறியைத் தவறவிட்டிருந்தால் இந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும்.

அலகு வட்டம் உள்ளே இருப்பதால் மூன்றில் நிலையான விடை இது ஒன்றுதான். ஆனால் n < 0-இலும் மதிப்பு இருப்பதால், இதையே துலங்கலாகக் கொண்ட வடிகட்டி இனி வரப்போகும் உள்ளீட்டையும் கேட்கும். பதிவு செய்து வைத்த ஒலிக்கோப்பில் அது சாத்தியம், நேரலையில் நடக்காது.

MATLAB-இன் `residuez` கட்டளை 4/3, −1/3 என்ற எண்களைத் தருவதோடு சரி, திசையைச் சொல்லாது. `iztrans` கேட்காமலேயே வலப்பக்க விடையை எடுத்துக்கொள்ளும். வளையம் கொடுக்கப்பட்ட கணக்கில் அதன் விடையை அப்படியே நம்பக் கூடாது.