9 லட்சத்துக்கு வாங்கின 90 லட்சம் கார்

ஹாஸ்டல்ல ராத்திரி 2 மணிக்கு பழைய கார் விளம்பரங்களைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும். பத்து வருஷம் ஓடின ஜெர்மன் செடான், 9 லட்சம். அதே காசுக்கு புது ஹேட்ச்பேக் வாங்குறவன் முட்டாளா?

என் ஃப்ரெண்டோட மாமா அப்படித்தான் நினைச்சு வாங்கினார். புதுசா வந்தப்போ கிட்டத்தட்ட 90 லட்சம் விலை உள்ள வண்டி. நாலாவது மாசம் ஒரு நாள் காலையில வாசல்ல பார்த்தா, முன்பக்கம் இடது மூலை தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கு. டயர்ல காத்து சரியாத்தான் இருந்தது. இறங்கினது சஸ்பென்ஷன்.

இந்த மாதிரி வண்டிகள் பலதுல காயில் ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் பை ஒண்ணுக்குள்ள அடைச்ச காத்துதான் வண்டியைத் தாங்குது. இதுக்கு ஏர் சஸ்பென்ஷன்னு பேரு. 1998ல வந்த மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ்ல ‘ஏர்மேட்டிக்’னு வந்தது இதே விஷயம்தான். ஒரு கம்ப்ரஸர் காத்தை அழுத்தி அனுப்பும், வால்வு பிளாக் அதை எந்த மூலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கும், ஒவ்வொரு மூலையிலயும் இருக்கிற சென்சார் உயரத்தைச் சொல்லும். பள்ளத்துல இறங்கினாலும் தெரியாத அந்த மிதப்பு இதால வர்றதுதான்.

ஆனா ரப்பருக்கு கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வயசுதான் தெரியும். வெயில், எஞ்சின் சூடு, காத்துல இருக்கிற ஓசோன் எல்லாம் சேர்ந்து, மடிப்பு விழுற இடத்துல நுண்ணிய விரிசல் விடும். அதனால “30,000 கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு”ன்னு விக்கிறவர் சொல்றது இங்க எந்த உத்தரவாதமும் இல்ல.

விரிசல் வந்த உடனே வண்டி நின்னுடாது. வில்லங்கமே அதுதான். கசியுற காத்தை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். அது கொஞ்ச நேரம் ஓடி ஆறணும்னு டிசைன் பண்ணின மோட்டார். தொடர்ந்து ஓடினா சூடாகி பிஸ்டன் ரிங் தேயும். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்ச உள்ள ஒரு டிரையர் இருக்கும், அதுவும் தாங்காம ஈரம் வால்வு பிளாக் வரைக்கும் போகும். சில சமயம் ரிலே ஒட்டிக்கிட்டு கம்ப்ரஸர் ராத்திரி முழுக்க ஓடி பேட்டரியையும் காலி பண்ணிடும். ஒரு ரப்பர் பை, நாலு பில்.

மாமாவுக்கு வந்த எஸ்டிமேட்: முன்பக்க ஸ்ட்ரட் ரெண்டு, தலா 1,30,000. ஒண்ணு போனா இன்னொண்ணும் அதே வயசுதானேன்னு ரெண்டையும் மாத்தச் சொன்னாங்க. நியாயம்தான். கம்ப்ரஸர் 85,000, ரிலே 2,000, கூலி 20,000. மொத்தம் 3,67,000.

இப்போ வகுத்துப் பாருங்க. 90 லட்சத்துல இது 4 சதவீதம், முதல் ஓனர் முணுமுணுத்துட்டு கட்டியிருப்பார். 9 லட்சத்துல இது 41 சதவீதம். வண்டியோட விலை பத்துல ஒரு பங்கா இறங்கிடுச்சு, ஸ்ட்ரட்டோட விலை இறங்கல. உதிரி பாகம் எப்பவும் புது வண்டியோட விலைக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். சொல்லப்போனா, இந்த மாதிரி பில் ஒண்ணு பக்கத்துல வந்து நிக்குதுன்னு மார்க்கெட்டுக்கே தெரியும், அதனாலயும்தான் விலை 9 லட்சம்.

இன்ஷூரன்ஸ் காப்பாத்தாதா? தேய்மானத்துக்கு பாலிசி காசு தராது. விபத்துன்னாலும் சிக்கல் இருக்கு. ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்தைத் தாண்டினா ‘டோட்டல் லாஸ்’. ஐடிவி வண்டியோட இன்னைக்கு விலையை ஒட்டி இருக்கும், பம்பரும் ஹெட்லைட்டும் புது விலையில இருக்கும். சுமாரான இடி கூட அந்தக் கோட்டைத் தொட்டுடலாம்.

காயில் ஸ்பிரிங் போட்டு மாத்திடலாம்னு மெக்கானிக் சொல்வார். செய்யலாம், செலவும் குறையும். ஆனா டேஷ்போர்டு வார்னிங்கை அணைக்க தனியா ஏற்பாடு பண்ணணும், அந்த மிதப்பும் போயிடும். பிறகு எதுக்கு இந்த வண்டி? மாமா வெளி மார்க்கெட்ல ரீபில்ட் ஸ்ட்ரட் வாங்கிப் போட்டார், பில் பாதிக்கும் கீழ வந்தது. எவ்வளவு நாள் தாங்கும்னு யாரும் எழுதித் தரல.

நீங்களோ வீட்டுல யாராவதோ இப்படி ஒரு வண்டி பார்க்கப் போனா, முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்க வாய்ப்பு இருக்கு. இன்ச் டேப் எடுத்து, நாலு சக்கரத்துக்கும் நடுவுல இருந்து மேல இருக்கிற வளைவு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லி, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி திரும்ப அளங்க. ஒரு மூலை மட்டும் நல்லா இறங்கியிருந்தா அங்க கசிவு இருக்கு. ஸ்டார்ட் பண்ணினதும் கம்ப்ரஸர் ரொம்ப நேரம் உறுமினாலும் அதே அர்த்தம்தான். சந்தேகமா இருந்தா சோப்புத் தண்ணி தெளிங்க, பஞ்சர் கடையில பார்க்கிற மாதிரியே குமிழி வரும்.

“அதெல்லாம் எதுக்கு தம்பி, இப்பவே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க”ன்னு ஓனர் சாவியை நீட்டினா, வாங்காதீங்க. சாவியையும் சரி, வண்டியையும் சரி.