மாதம் 4 கட்டுரை, 14,000 ரூபாய்

சிறிய ஸ்டார்ட்அப் ஒன்றுக்கு மாதாமாதம் வலைப்பூக் கட்டுரை எழுதித் தர ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் அனுப்பும் பிரபோசலில், விலைக்கு முன் வேலையின் எல்லை தெளிவாக வேண்டும். இத்தகைய நிறுவனங்களில் நிறுவனரே கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்வார். "அப்படியே லிங்க்ட்இனுக்கு ஒரு போஸ்ட் போட்டுக் கொடுத்துருங்க" என்று அவர் கேட்பது அன்பாகத்தான். ஆனால் அதற்கும் ஒரு மணி நேரம் போகும்.

சிறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கான பிரபோசலின் நடுப்பகுதி இப்படி அமையலாம்: "மாதம் 4 கட்டுரைகள், ஒவ்வொன்றும் சுமார் 1,200 சொற்கள். தலைப்புகள் முந்தைய மாதம் 25ஆம் தேதிக்குள் முடிவாகும். ஒரு கட்டுரைக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் உண்டு. ஒப்புக்கொண்ட தலைப்பையே மாற்றினால் அது புதுக் கட்டுரை. படம், தளத்தில் பதிவேற்றம், சமூக ஊடகப் பதிவுகள் இதில் அடங்கா." கடைசி வரியை எழுதப் பலரும் கூச்சப்படுவார்கள், பிற்பாடு சண்டை வருவது பெரும்பாலும் அது இல்லாததால்தான். திருத்தம் சொல்ல 5 வேலைநாள் கெடு வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் சேர்த்துவிட்டால், பில் மாதக்கணக்கில் தொங்காது.

விலையை நேரத்திலிருந்து கணக்கிடுவது நல்லது. தகவல் திரட்ட 3 மணி, எழுத 3 மணி, திருத்த 1 மணி என ஒரு கட்டுரை 7 மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 500 ரூபாய் என்றால் கட்டுரைக்கு 3,500, மாதம் 14,000. சொல்லுக்கு இவ்வளவு என்று பேசினால், 900 சொற்களில் முடிவதை 1,200க்கு இழுக்கத்தான் தோன்றும். பாதித் தொகையை மாதத் தொடக்கத்தில் முன்பணமாகக் கேட்பது புது நிறுவனத்திடம் தவறே இல்லை.

14,000 ரூபாயும் அப்படியே கைக்கு வராது. இதைத் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கிடும் நிறுவனம், நிதியாண்டில் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும்; மாதம் 12,600 வரும். பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பப் பெறலாம். அதுவரை வீட்டு வாடகையை 12,600ஐ வைத்தே திட்டமிட வேண்டும்.

அடுத்தது காப்புரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரே கட்டுரையின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர எழுத்து வடிவ ஆவணம் தேவை. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். இணையக் கட்டுரையை எங்கிருந்தும் படிக்கலாம் என்பதால் நிறுவனத்துக்கு இது போதாது. எனவே முழுத் தொகை வந்து சேர்ந்த நாளிலிருந்து, சட்டம் அனுமதிக்கும் முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்குமான உரிமை நிறுவனத்துக்கு மாறும் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுவது வழக்கம்.