டெபாசிட்டின் பேரில் கிரெடிட் கார்டு

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரத்து மளிகைக் கடைகளுக்கு நாங்கள் கடனுக்குத்தான் சரக்கு அனுப்புகிறோம். பெரும்பாலோர் சொன்ன கெடுவில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே கடைக்காரர் கடையை விரிவுபடுத்த வங்கியில் கடன் கேட்டால், "உங்களுக்கு சிபில் இல்லையே" என்ற பதில் வருகிறது. எங்கள் பேரேட்டில் பத்து வருட நாணயம் இருந்தும், அந்தப் பேரேடு வங்கியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வங்கிகள் பார்ப்பது வேறு ஏடு. 2000-இல் தொடங்கிய சிபில் நிறுவனமும், அதுபோன்ற வேறு மூன்று நிறுவனங்களும் ஒவ்வொருவரும் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கின்றன. அதிலிருந்து 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகிறார்கள். ரொக்கம், டெபிட் கார்டு, செல்போனில் கணக்கிலிருந்து அனுப்பும் பணம் எதுவும் அதில் ஏறாது. அவை நம் சொந்தப் பணமே ஒழியக் கடன் அல்ல. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணும் இல்லை.

கடன் வாங்காமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் கடன் இல்லை. இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி, டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. பாரத ஸ்டேட் வங்கியின் கார்டு நிறுவனம் 'உன்னதி' என்ற பெயரில் 25,000 ரூபாய் டெபாசிட்டின் பேரில் இத்தகைய கார்டைக் கொடுத்தது. வேறு பல வங்கிகளும் கொடுக்கின்றன. டெபாசிட் நம் பெயரிலேயே இருக்கும், வட்டியும் வரும். ஆனால் கார்டு உள்ளவரை அதை எடுக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 80 சதவீதம் என்றால் கார்டின் வரம்பு 40,000. கடையின் மின்கட்டணம், போன் கட்டணம் என்று மாதம் 6,000 ரூபாயை அதில் செலுத்துகிறோம். பில் 5-ஆம் தேதி வருகிறது, கெடு 25-ஆம் தேதி. கெடுவுக்குள் 6,000 முழுவதையும் கட்டினால் வட்டி கிடையாது. 'தாமதம் 000 நாள்' என்று அந்த மாதத்துக்கான கட்டத்தில் பதிவாகும். ஏறக்குறைய ஆறு மாதம் இப்படிப் போனால் மதிப்பெண் உருவாகிவிடும். வரம்பில் 30 சதவீதத்துக்குள், அதாவது இங்கே 12,000 ரூபாய்க்குள், பாக்கி நிற்பது நல்லது. ஒரு மாதம் 20,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்க நேர்ந்தால், பில் வரும்வரை காத்திராமல் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிடலாம்.

பலர் சறுக்கும் இடம் பில்லில் இருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'. 6,000 ரூபாய்க்கு 300 மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாதுதான். ஆனால் மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 210 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 248. ஆறரை சதவீதத்தில் நம் 50,000 டெபாசிட் மாதம் ஈட்டுவதே சுமார் 270 ரூபாய்தான். போதாததற்கு, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுத்தாலும் முதல் நாளிலிருந்தே வட்டிதான்.

"டெபாசிட் இருக்கிறதே, கட்டாவிட்டால் அதில் எடுத்துக்கொள்ளட்டும்" என்று நினைப்பதும் தவறு. வங்கி அப்படி எடுத்துக்கொண்டால் அதன் பணம் வந்துவிடும். ஆனால் நாம் கட்டவில்லை என்ற பதிவு ஏட்டில் வருடக் கணக்கில் நிற்கும். ஈடு காப்பது வங்கியை; நம் பெயரைக் காப்பது கெடுவுக்குள் கட்டுவது ஒன்றே.

கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணில்தான் பதிவு ஏறும். மகன் பிறகு கடன் கேட்கப் போகிறான் என்றால் டெபாசிட்டும் கார்டும் அவன் பெயரிலேயே இருக்கட்டும். அப்பாவின் கார்டுக்குத் துணைக் கார்டு வாங்கிக் கொடுத்தால் அவனுக்குப் பொதுவாகப் பயன் இல்லை.

ஏட்டில் ஏறியதா என்று பார்ப்பதும் அவசியம். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். ஏழாம் மாதம் அதை வாங்கி, கார்டு அதில் இருக்கிறதா, நாம் கட்டியும் தாமதம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். பிழை இருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

இந்தக் கார்டு கடனுக்கு உத்தரவாதம் அல்ல. வருமானம், ஜி.எஸ்.டி. கணக்கு, கடை நிலவரம் ஆகியவற்றையும் வங்கி கேட்கும். அவற்றோடு ஏட்டில் நம் பெயரும் இருக்க இது வழி செய்கிறது. பிறகு டெபாசிட் திரும்ப வேண்டுமானால், பாக்கியை முழுதும் தீர்த்து, கார்டை மூடி, 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பின்பே டெபாசிட்டை எடுக்கவும்.