அழித்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு 30 நாள் தவணை

ஐபேடில் இடம் போதவில்லை என்று அறிவிப்பு வந்தால் பலரும் முதலில் கைவைப்பது ஸ்கிரீன்ஷாட்டுகளில்தான். விரலை இழுத்து இழுத்து நாற்பது ஐம்பதை ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டுவிடுவோம். அந்தக் கும்பலில் வேண்டியது ஒன்றும் சேர்ந்து போயிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பள்ளிக் கட்டணம் கட்டியதும் பரிவர்த்தனை எண் தெரியும் திரையை ஜூன் 3-ஆம் தேதி ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள். ஜூன் 20 அன்று மற்றவற்றோடு அதையும் அழித்துவிட்டீர்கள். பணம் வரவில்லை என்று ஜூலை 2-இல் பள்ளியிலிருந்து போன் வருகிறது. பதற வேண்டாம். ஐபேட் எந்தப் படத்தையும் உடனே அழித்துவிடுவதில்லை. போட்டோஸ் செயலிக்குள்ளேயே Recently Deleted என்ற ஆல்பத்துக்குத் தள்ளி 30 நாள் வைத்திருக்கும். நாள் கணக்கு தொடங்குவது படம் எடுத்த தேதியிலிருந்து அல்ல, அழித்த தேதியிலிருந்து. ஜூன் 20-லிருந்து 12 நாள்தான் கடந்திருக்கிறது. இன்னும் 18 நாள் மிச்சம்.

போட்டோஸைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலைக் கீழே தள்ளினால் Utilities என்ற பகுதியில் அந்த ஆல்பம் இருக்கும். 2022-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் அதற்குப் பூட்டும் உண்டு. முகம், விரல்ரேகை, கடவுக்குறியீடு இவற்றில் ஒன்றைக் கேட்கும். குழந்தையின் கையில் ஐபேடைக் கொடுத்துவிட்டு வெளியே போகிற வீட்டில் இது நல்லதுதான்.

உள்ளே போனால் ஒவ்வொரு படத்தின் மேலும் எத்தனை நாள் மிச்சம் என்று எழுதியிருக்கும். ஒரே நாளில் அழித்தவற்றில் ஒரே எண்தான் இருக்கும். ஆகவே நம் கட்டண ரசீதை 18 என்று போட்ட கூட்டத்தில் மட்டும் தேடினால் போதும். சின்னப் படத்தில் எண் தெரியாவிட்டால் அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். பிறகு Select தொட்டு, வேண்டிய படத்தைத் தேர்ந்து, Recover கொடுக்க வேண்டும். ஒருமுறை உறுதி கேட்கும். சரி என்றால் முடிந்தது.

நிதானம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். எந்தப் படத்தையும் தேர்ந்தெடுக்காத நிலையில் Recover All, Delete All இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். சில பதிப்புகளில் திரையின் அடியில், சிலவற்றில் மூன்று புள்ளி மெனுவுக்குள். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டு, வரும் எச்சரிக்கையையும் படிக்காமல் ஒப்புக்கொண்டால் 30 நாள் தவணை அத்தோடு தீர்ந்தது. இடம் மிச்சம் பிடிக்க இந்த ஆல்பத்தைக் காலி செய்பவர்களும் இப்படித்தான் இழக்கிறார்கள். அழித்த படங்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனாலும் காலி செய்யும் முன் ஒருதரம் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுவது நல்லது.

மீட்ட பிறகும் ஒரு குழப்பம் வரும். நூலகத்தின் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு, படம் வரவே இல்லை என்று முடிவு கட்டுவார்கள். படங்கள் எடுத்த தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால் மீட்டது அதன் பழைய இடத்துக்கே போகும். நம் ரசீது ஜூலை 2-இல் இராது. ஜூன் 3-இல் இருக்கும். அவ்வளவு தூரம் பின்னால் போகச் சோம்பலாக இருந்தால் Screenshots ஆல்பத்தைத் திறக்கலாம், கூட்டம் குறைவு.

தொட்டியில் தேடியும் கிடைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் மூலையில் தோன்றும் சின்னப் படத்தைத் தொட்டு, Done மெனுவிலிருந்து அங்கேயே அழித்திருந்தால் அது போட்டோஸுக்குள் சேர்ந்திருக்கவே இல்லை, மீட்க ஒன்றுமில்லை. இணையப் பக்கம் முழுவதையும் பிடிஎஃப்பாகச் சேமித்திருந்தால் அது ஃபைல்ஸ் செயலிக்குப் போயிருக்கும். அதற்குத் தனியாக ஒரு Recently Deleted உண்டு, அங்கே தேட வேண்டும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். மேகத்தில் காப்புப் பிரதி எடுத்த படத்துக்கு அங்கே 60 நாள்.

ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருப்பவர்களுக்கு ஐபேடில் அழித்தது ஐபோனிலும் போய்விடும். மீட்டால் இரண்டிலும் திரும்பும். தொட்டியையே காலி செய்துவிட்டீர்கள் என்றால், நாள்கணக்கில் இணையத்தோடு சேராமல் கிடக்கும் பழைய போன் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைஃபையைத் தொடாமல், சிம்மையும் போடாமல் திறந்தால் படம் இன்னும் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் கணினியில் கேபிள் மாட்டி நகலெடுத்துக்கொண்ட பிறகே அதை இணையத்தோடு இணைக்க வேண்டும்.