முன்பக்க டைப்-சி: எந்தக் கேபிள் எங்கே போகும்?

பழைய மதர்போர்டைப் புதுக் கேபினெட்டுக்கு மாற்றும்போது, முன்பக்க யூஎஸ்பி கேபிள்களில்தான் பலருக்குக் கை தடுமாறும். 2018-ல் வந்த பி450 வகை போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதுக் கேபினெட்டிலிருந்து மூன்று கேபிள்கள் உள்ளே தொங்குகின்றன. ஒன்று டைப்-சி போர்ட்டுக்கு, ஒன்று நீல நிற யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு, மற்றொன்று ஹெட்போனுக்கு. போர்டிலோ ஒரு 19 பின் ஹெடரும் இரண்டு 9 பின் ஹெடர்களும் ஆடியோ ஹெடரும் மட்டுமே இருக்கின்றன.

டைப்-சி கேபிளின் முனை ஒல்லியாக, உலோக உறையோடு, பார்வைக்கு எச்டிஎம்ஐ பிளக்கை ஒத்திருக்கும். அதற்கான சாக்கெட் உள்ள போர்டில் F_U32C, JUSBC போன்ற பெயர் அச்சிட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். நம் பி450 போர்டில் அந்த சாக்கெட் இல்லை. ஆகவே அந்த முனையை 19 பின் ஹெடரில் திணிக்கப் பார்ப்பது வீண் வேலை. இரண்டும் வெவ்வேறு வடிவம்.

அந்த 19 பின் ஹெடரில்தான் சேதம் அதிகம் நடக்கிறது. பத்துப் பத்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் பின் கிடையாது. பின்களுக்கு நடுவே இடைவெளி 2 மில்லிமீட்டர்தான். பழைய 9 பின் ஹெடரில் அது 2.54. பின்கள் மெல்லியவை, அதில் செருகும் கேபிளோ தடித்து விறைப்பானது. செருகிய பிறகு கேபிளை வளைத்து ஒதுக்கினால் அந்த இழுவை முழுவதும் பின்கள் மேல் விழும். அதனால் முதலில் கேபிளை அது போகவேண்டிய வழியில் கொண்டுவந்து, முனை ஹெடருக்கு நேர் மேலே தளர்வாக நிற்கும்படி வளைத்துவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டைப் பொருத்துவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் கை நுழைய இடம் இருக்கும்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, செல்போன் டார்ச்சை ஹெடருக்குள் அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்களும் நேராக நிற்கின்றனவா? பின் இல்லாத மூலை எது? பிளக்கிலும் ஒரு துளை அடைத்திருக்கும். அந்த இரண்டும் ஒரே பக்கம் வரவேண்டும். ஹெடர் சுவரில் உள்ள வெட்டும் பிளக்கின் மேடும் அப்போது தாமாகவே நேர்ப்படும். பிறகு இரு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்து, சரிசமமாக நேர் கீழே அழுத்துங்கள். பாதியில் நின்றால் அழுத்தத்தைக் கூட்டாமல், வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிளக்கைப் பிடித்து, ஹெடரின் நீளவாக்கில் துளித்துளியாக அசைத்து மேலே எடுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் பின் வளைவதோடு, பிளாஸ்டிக் சுவரே பிளக்கோடு பெயர்ந்து வந்துவிடுவதும் உண்டு.

நம் போர்டில் டைப்-சிக்கு என்ன வழி? 19 பின் ஹெடரில் செருகி டைப்-சி சாக்கெட் தரும் அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் அதைப் போட்டால் நீல போர்ட்டுகளுக்கு ஹெடர் இருக்காது. அவற்றுக்கு 19 பின்னிலிருந்து 9 பின்னுக்கு மாற்றும் இன்னொரு அடாப்டர் போட வேண்டும். வேகம் விநாடிக்கு 5 ஜிகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டாக இறங்கிவிடும். வெளி ஹார்டு டிஸ்க்கை அடிக்கடி செருகுகிறவர், எந்த போர்ட்டில் வேகம் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அடாப்டர் வாங்குவதே சரி.

9 பின் ஹெடரில் வேறொரு கவனம் வேண்டும். யூஎஸ்பிக்கும் ஆடியோவுக்கும் ஹெடர் ஒரே அளவு. யூஎஸ்பியில் பின் இல்லாத இடம் மூலையிலேயே இருக்கும். ஆடியோவில் மூலையை விட்டு ஒன்று உள்ளே தள்ளியிருக்கும். இன்னும் பழைய போர்டுகளில் 1394 என்று அச்சிட்ட ஹெடர் யூஎஸ்பி போலவே தோன்றும், காலியான மூலைகூட ஒன்றுதான். ஆனால் யூஎஸ்பியில் கிரவுண்ட் இருக்கும் இடத்தில் அதில் 12 வோல்ட் வருகிறது. மாற்றிச் செருகினால் செருகும் பென் டிரைவோ போர்டோ எரியலாம். அச்சிட்ட பெயரைப் படிக்காமல் அங்கே கை வைக்காதீர்கள்.

ஆன் செய்ததும் திரையில் யூஎஸ்பி 'ஓவர் கரண்ட்' என்று எச்சரிக்கை வந்து கம்ப்யூட்டர் அணைந்தால், வளைந்த பின் பக்கத்துப் பின்னைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். லேசாக வளைந்ததை, லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் நுழைத்து மெதுவாக ஒரே முறையில் நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்த பின்னை வீட்டில் சரிசெய்ய முடியாது. அந்த ஹெடரைக் காலியாகவே விட்டுவிடுவதுதான் போர்டுக்கு நல்லது.