பிழை திருத்தியபின் ஒரு விடுவிப்புக் கடிதம்

சிவகாசியின் பட்டாசுப் பெட்டிகள் மீது ஒட்டப்படும் வண்ண லேபிள்கள் அவ்வூர் அச்சகங்களிலேயே அச்சாகின்றன. அவ்வகைச் சிறு அச்சகம் ஒன்று, தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஒரு கொள்கலன் ஆர்ட் பேப்பரை இறக்குமதி செய்வதாகக் கொள்வோம். விலைப்பட்டியல், சிப்பப் பட்டியல், கப்பல் நிறுவனம் அளித்த சரக்குச் சீட்டு ஆகிய மூன்றிலும் எடை 18,420 கிலோ. ஆனால் சுங்கத்துறைக்கு அளிக்கும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் இறக்குமதி அறிவிப்பில் 18,240 எனப் பதிவாகிவிட்டது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் 180 கிலோ குறைந்துவிட, சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

அதிகாரியின் மனத்தில் எழும் வினா ஒன்றே: இது கைப்பிழையா, மறைப்பா? சுங்கச் சட்டம், 1962இன் 149ஆம் பிரிவு ஆவணத்தைத் திருத்த இசைவளிக்க அவருக்கு அதிகாரம் தருகிறது. திருத்தம் ஏற்கப்பட்டபின் எழுதப்படும் விடுவிப்புக் கடிதம் அவ்வினாவிற்கு விடையாக அமைதல் வேண்டும்.

பெறுநர்
துணை ஆணையர் அவர்கள்,
சுங்க இல்லம், தூத்துக்குடி.

பொருள்: நிறுத்தப்பட்ட சரக்கை விடுவிக்க வேண்டுதல்.

ஐயா,
எங்கள் இறக்குமதி அறிவிப்பில் எடை 18,420 கிலோ என்பதற்கு மாறாக 18,240 எனத் தவறுதலாகப் பதிவாயிற்று. தவறு எங்களுடையதே. சரக்குப் புறப்படும் முன் வழங்கப்பட்ட விலைப்பட்டியலிலும் சிப்பப் பட்டியலிலும் சரியான எடையே உள்ளது. அறிவித்த மதிப்பு 18,420 கிலோவிற்கு உரியதாதலால் தீர்வையில் மாற்றமில்லை. தங்கள் இசைவுடன் அறிவிப்பு திருத்தப்பட்டுத் தீர்வையும் செலுத்தப்பட்டுள்ளது. சான்றுகளை இணைத்துள்ளேன். சரக்கை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் தொழிலாளரின் நிலையோ பருவகால நெருக்கடியோ இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை உண்மையாயினும் அதிகாரியின் ஐயத்தைத் தீர்க்கா. ஐயத்தைத் தீர்ப்பது, பிழை வெளிப்படும் முன்பே எழுதப்பட்ட ஆவணம். பிழை தெரிந்தபின் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறும் புதிய பட்டியலுக்கு அத்தகைய வலிமை இல்லை. சரக்கு வெளியேறியபின் திருத்தம் கோரினாலோ, விடுவிக்கப்பட்ட வேளையில் இருந்த ஆவணச் சான்றையே சட்டம் ஏற்கிறது.

தீர்வை பற்றிய தொடரும் இன்றியமையாதது. 47ஆம் பிரிவின்படி, பொருள் தடை செய்யப்பட்டதன்று என்றும் தீர்வை செலுத்தப்பட்டது என்றும் அதிகாரி நிறைவடைந்த பின்னரே விடுவிப்பு ஆணை பிறக்கும். திருத்தத்தால் மதிப்பு உயருமாயின், தீர்வையில் மாற்றமில்லை என எழுதுதல் பொய்யாகும்; வேறுபாட்டைச் செலுத்தி அதனைக் குறிப்பிடல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. இறக்கிய 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்புத் தந்து, அதிகாரியின் இசைவுடன் விற்க 48ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதுவரை கொள்கலன் வாடகையும் ஏறிக்கொண்டிருக்கும். ஆதலின் முதற்கடிதத்திலேயே பிழை, சான்று, தீர்வை ஆகிய மூன்றும் தெளிவாக அமைதல் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விளக்கம் கேட்டு மறுகடிதம் வரும். அதற்கு விடையளிக்கும் நாள்களுக்கும் வாடகை உண்டு.