கட்டிப் பருவுக்குக் களிம்பு போதாது

தாடை ஓரத்தில் விரல் வைத்தால் பட்டாணி அளவுக்குக் கட்டியாகத் தட்டுப்படும். மேலே வெள்ளை முனை எதுவும் இருக்காது. ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும், ஷேவ் செய்யும்போது உயிர் போகும். சாதாரணப் பரு சில நாளில் உடைந்து காய்ந்துவிடும். இது வாரக்கணக்கில் அப்படியே கிடந்து, ஒருவழியாக அமுங்கும்போது அந்த இடத்தில் பள்ளத்தை விட்டுப் போகும். இதைத்தான் கட்டிப் பரு என்கிறோம்.

எல்லாப் பருவும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. தோலின் மயிர்க்குழியில் எண்ணெய்ப் பசையும் இறந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புக்குள் பாக்டீரியா பெருகுகிறது. அழற்சி மேலாகவே நின்றால் அது சின்னப் பரு. குழியின் சுவர் ஆழத்தில் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் சுற்றியுள்ள தோலுக்குள் கொட்டிவிட்டால் அது கட்டி. உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கிறது. அந்தச் சண்டையில் வெளிப்படும் நொதிகள், தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் இழைகளையும் அரித்துவிடுகின்றன. இழை போன இடம் உள்வாங்கிப் பள்ளமாகிறது. சிலருக்கு, குறிப்பாகத் தாடையிலும் மார்பிலும் முதுகிலும், உடல் அளவுக்கு மீறி இழைகளை உருவாக்கிவிடுவதால் தழும்பு மேடாகத் தடித்துவிடுகிறது.

ஆகவே வடு என்பது பரு ஆறிய பிறகு வருவதல்ல. கட்டி வீங்கியிருக்கும் நாட்களிலேயே சேதம் நடந்துகொண்டிருக்கிறது. அழற்சி எத்தனை மாதம் நீடிக்கிறதோ, வடுவுக்கான வாய்ப்பும் அத்தனை கூடுகிறது. பரு விட்டுச் செல்லும் கருந்திட்டு காலப்போக்கில் மங்கும். பள்ளம் தானாக நிரம்பாது. லேசர், ஊசித்துளைச் சிகிச்சை எல்லாம் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கும், முழுதாக அழிக்காது.

களிம்புகளைக் குறை சொல்வதற்கில்லை. பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் சாதாரணப் பருவுக்கு நல்ல மருந்துகள். 8 முதல் 12 வாரம் விடாமல் பூசினால்தான் அவற்றின் பலன் தெரியும். ஆனால் அவை வேலை செய்வது மேல்தோலிலும் குழியின் வாயிலும்தான். ஆழத்தில் வெடித்த கட்டியை அடக்கும் வலு அவற்றுக்கு இல்லை. அதனால் அந்த 12 வாரக் காத்திருப்பு கட்டிப் பருவுக்குப் பொருந்தாது. வலிக்கும் கட்டிகள் அடுத்தடுத்து வந்தாலோ, ஒரே ஒரு பள்ளம் விழுந்துவிட்டாலோ, அப்போதே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அங்கே என்ன நடக்கும்? கல்யாணம், நேர்காணல் என்று அவசரம் இருந்தால், ஒற்றைக் கட்டிக்குள் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டை ஊசியால் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். அளவு கூடினால் அந்த இடமே குழிந்துவிடும் என்பதால் அனுபவமுள்ள கைதான் அதைச் செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

கட்டியும் வடுவும் சேர்ந்துவிட்டால் ஐசோட்ரெட்டினாயின்தான் முக்கிய மருந்து. 60 கிலோ எடையுள்ள ஒரு கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில் அவருக்கு நாளைக்கு 30 மில்லிகிராம். மொத்தமாகக் கிலோவுக்கு 120 மில்லிகிராம், அதாவது 7,200 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்று மருத்துவர் இலக்கு வைத்தால் 240 நாள், சுமார் எட்டு மாதம் ஆகும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதுண்டு. அதைப் பார்த்துப் பயந்து பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைத்துச் சமாளிப்பார். உதடு காய்ந்து வெடிக்கும். கல்லீரல், கொழுப்பு அளவுகளை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்கள். மனச்சோர்வு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். கருவில் உள்ள குழந்தைக்கு இந்த மருந்து கடும் ஊனத்தை உண்டாக்கும். எனவே பெண்கள் மருந்து எடுக்கும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. மருத்துவர் சீட்டில்லாமல் இதை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

இரண்டு காரியங்கள் நிலைமையைக் கெடுக்கும். ஒன்று, கட்டியைப் பிதுக்குவது. வெளியே வர வழியில்லாத சீழ், அழுத்த அழுத்த இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசும் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் கலந்த க்ரீம்கள். இரண்டு நாள் சிவப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து பரு இன்னும் மோசமாகத் திரும்பும்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களை எல்லாம் எடுத்துப் போங்கள். மாதவிலக்கு தவறுகிறதா, தாடையில் முடி வளர்கிறதா, ஜிம்மில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து அதைப் பொறுத்து மாறும். கட்டிகள் திடீரென்று புண்ணாக உடைந்து, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.